160,000 ரூபா பில்லுக்கு 152,000 ரூபா செக்: மீதி 8,000 எங்கே எழுதுவது?

தலவாக்கலை, தேயிலைத் தொழிற்சாலை அலுவலகம்: அக்கா, பொயிலர் பார்த்த இன்ஜினியர் 160,000 ரூபாவுக்கு பில் தந்தார். 5 சதவீதம் வரி பிடித்து 152,000க்கு செக் கொடுத்தோம். சிஸ்டத்தில் அவருக்கு இன்னும் 8,000 கொடுக்க வேண்டும் என்றே நிற்கிறது. அதைக் கழிவு என்று போட்டு மூடிவிடலாமா?

கழிவு என்று போட்டால் உங்கள் செலவு 8,000 குறைந்துவிடும், தம்பி. அவர் உங்களுக்கு விலை குறைத்துத் தரவில்லையே. அவருடைய பணத்தில் ஒரு பங்கை அவருக்காக இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டப்போகிறீர்கள், அவ்வளவுதான். அதனால் அவரிடம் இருந்த கடன் முழுவதும் தீர்ந்தது, திணைக்களத்திடம் 8,000 கடன் புதிதாக வந்தது.

பில்லை 160,000 என்றே பதியுங்கள், அதில் கைவைக்க வேண்டாம். செக் கொடுத்த அன்று இன்ஜினியர் கணக்கை 160,000க்கு டெபிட் செய்யுங்கள். வங்கியை 152,000க்கும், 'செலுத்தவேண்டிய நிறுத்திவைத்தல் வரி' என்ற பொறுப்புக் கணக்கை 8,000க்கும் கிரெடிட் செய்யுங்கள். சிஸ்டம் ஒரே கட்டணத்தில் இரண்டு கணக்கை ஏற்காவிட்டால், 8,000க்கு ஒரு சப்ளையர் கிரெடிட் போட்டு, அதன் எதிர்க்கணக்காக அந்த வரிக் கணக்கைக் காட்டி, அதே பில்லோடு பொருத்துங்கள். பொருத்த மறந்தால் பில் 8,000 பாக்கியோடும் கிரெடிட் தனியாகவும் தொங்கிக்கொண்டிருக்கும். மொத்தம் பூச்சியம்தான், ஆனால் வயதுப் பட்டியலில் இரண்டும் எட்டிப் பார்க்கும்.

அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் வரியைக் கட்டும்போது வரிக் கணக்கை டெபிட், வங்கியை கிரெடிட். 15ஆம் திகதி தாண்டியும் போன மாதத் தொகை அந்தக் கணக்கில் இருந்தால், கட்ட மறந்துவிட்டீர்கள், இல்லாவிட்டால் கட்டியதை வேறு எங்கோ செலவாக எழுதிவிட்டீர்கள். இரண்டாவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஹட்டன்: நாங்கள் பில்லிலேயே கீழே ஒரு லைன் சேர்த்து, அந்த வரிக் கணக்குக்கு மைனஸ் 8,000 போட்டுவிடுவோம். மிச்சம் 152,000, செக்கும் அதே தொகை. சுலபம்தானே?

செலவு 160,000 என்று சரியாகவே வரும், அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் வரி பிடிப்பது பணம் கொடுக்கும்போது. மே மாதப் பில்லுக்கு ஜூலையில் பணம் கொடுத்தால், உங்கள் புத்தகத்தில் வரி மே மாதமே கட்டவேண்டியதாக நிற்கும். அப்புறம் அவர் அனுப்பும் ஸ்டேட்மெண்டில் 160,000, உங்களிடம் 152,000. ஒப்பிட உட்காரும்போது தலைவலி.

நுவரெலியா, கெஸ்ட் ஹவுஸ்: என் கேள்வி வேறு. கட்டடக்காரர் மாத வாடகை 120,000 கையில் முழுசாக வேண்டும், வரி உன் பாடு என்கிறார். 10 சதவீதம் சேர்த்து 132,000 என்று எழுதினால் சரியா?

வாடகையும் மாதம் 100,000ஐத் தாண்டினால் 10 சதவீதம்தான், ஆனால் கணக்கு அப்படிப் போகாது. 132,000இல் 10 சதவீதம் 13,200. கழித்தால் 118,800தான் மிஞ்சும், அவருக்கு 1,200 குறையும். 120,000ஐ 0.90ஆல் வகுங்கள்: 133,333.33. அதில் வரி 13,333.33, கையில் சரியாக 120,000. வாடகைச் செலவாகப் பதிய வேண்டியது 133,333.33. ஒப்பந்தத்திலும் அந்தத் தொகையே இருக்கட்டும். வாய்ப்பேச்சில் விட்டால் அடுத்த வருஷம் சண்டை.

பண்டாரவளை, கட்டட இன்ஜினியர்: நான் மறுபக்கம். எனக்கு 152,000 வந்தால் வருமானம் 152,000தானே?

இல்லை சேர், 160,000. வந்த 152,000 வங்கிக்கு, 8,000 'மீளக் கோரும் வரி' என்ற சொத்துக் கணக்குக்கு, வாடிக்கையாளர் கணக்கு 160,000க்கு மூடப்படும். மார்ச் 31இல் முடியும் வரி ஆண்டுக்கான கணக்கில் அந்த 8,000ஐ உங்கள் வரியில் கழிப்பீர்கள். அதற்குச் சான்றிதழ் வேண்டும். பிடித்தவரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

மீண்டும் தலவாக்கலை: அக்கா, இன்னொன்று. 80,000, 80,000 என்று இரண்டு செக்காகக் கொடுத்தால், வரி பிடிக்கும் 100,000 எல்லைக்குக் கீழேதானே?

ஒரே மாதத்தில் கொடுத்தால் கூட்டித்தான் பார்க்க வேண்டும். முதல் செக்கை முழுசாகக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், இரண்டாவதில் மொத்த 8,000ஐயும் பிடித்து 72,000 கொடுங்கள். பில்லுக்கு எதிரே 80,000, 72,000, 8,000 என்று மூன்றும் நின்றால் பில் மூடிவிடும்.

ஹட்டன்: ஒரு செக் இந்த மாதம், மற்றது அடுத்த மாதம் என்றால்?

எனக்குத் தெரிந்த ஓடிட்டர் ஒருவர் கொடுக்கும் மாதத்தை மட்டும் பார் என்கிறார். இன்னொருவர், ஒரே பில்லை வரிக்காகவே துண்டாக்கினால் கேட்பார்கள் என்கிறார். நான் பிடித்துவிடுவேன். இன்ஜினியர் சம்மதிக்க மாட்டார் என்றால், அவரையும் உங்கள் ஓடிட்டரையும் ஒன்றாக உட்கார வையுங்கள்.