பீரோவிலேயே இருந்த மழை ஜாக்கெட் எப்படிக் கெட்டுப்போகும்?

கேள்வி: "மூணு வருஷம் முன்னாடி வாங்கின ரெயின் ஜாக்கெட், பத்து தடவைகூடப் போட்டதில்லை, இப்போ உள்பக்கம் பிசுபிசுன்னு ஒட்டுது. பையனோட ஸ்கூல் பேக்கும் வாட்டர்ப்ரூஃப்னு சொல்லித்தான் வாங்கினேன், புத்தகமெல்லாம் நனையுது. கோட்டிங் இல்லாம லேமினேட்டட் வாங்கினா எத்தனை வருஷம் வரும்?"

காரைக்குடியில் பை, ஜாக்கெட், ஜிப் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் சென்னைப் பக்கம் ஒரு ஏற்றுமதி ஆலையில் 9 வருஷம் சீம் டேப் மிஷினில் இருந்தேன். மழை ஜாக்கெட்டின் தையல் மேல் சூடான காற்றில் டேப் ஒட்டுவதுதான் என் வேலை. நீங்கள் எழுதியிருக்கிற "பத்து தடவைகூடப் போட்டதில்லை" என்ற வரிதான் என்னை எழுத வைத்தது. இதே வார்த்தையை ஓர் ஆச்சி என் கடை வாசலில் நின்று சொன்னார், பழி என் மேல் விழுந்தது.

போன வருஷம் ஐப்பசி பிறக்கும் முன்னால் அந்த ஆச்சி ஒரு ஜாக்கெட்டைக் கொண்டுவந்தார். மகன் வெளிநாட்டில் வாங்கியது, நல்ல நைலான், வெளியே பார்த்தால் புதிது மாதிரி. ஜிப்பின் ஸ்லைடர் மட்டும் உப்பேறி நகரவில்லை. கானாடுகாத்தான் பக்கம் பூர்வீக வீடு, வருஷத்துக்கு ஒருமுறை விசேஷத்துக்குத் திறக்கிற வீடு. மாடி அறையில் இரும்பு பீரோவுக்குள் பிளாஸ்டிக் உறை போட்டு, நாப்தலீன் உருண்டையும் வைத்து, 7 வருஷம் மடித்து வைத்திருந்தார்களாம். நான் பழைய ஜிப்பைப் பிரித்துப் புது ஜிப் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். உள்ளே லேசாக ஒட்டுகிறது என்று அப்போதே சொன்னேன், அவசரத்தில் அவர் காதில் வாங்கவில்லை. நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தார். "என்னப்பா இது, உன் மிஷின் எண்ணெயெல்லாம் உள்ளே அப்பிக் கிடக்கு, பத்து தடவைகூடப் போடாத உருப்படி" என்றார். கடையில் இருந்த இரண்டு பேரும் கேட்டார்கள், தெரு முழுக்க அந்தப் பேச்சு போனது. எனக்கு ரொம்ப வருத்தம்.

அன்றைக்கு அவருக்குக் காட்டியதை அப்படியே சொல்கிறேன், உங்கள் ஜாக்கெட்டிலும் பார்த்துக்கொள்ளலாம். நான் தொட்டது முன்பக்க ஜிப் ஓரம் மட்டும். ஆனால் கைமுட்டியின் உள்பக்கம், தொப்பியின் உள்பக்கம், சட்டைப்பையைப் புரட்டினால் அதன் உள்பக்கம் என எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிசுக்கு இருந்தது. கீழ் ஓரம் இரண்டாக மடித்துத் தைத்திருப்பார்கள் இல்லையா, அந்தத் தையலை அரை அங்குலம் பிரித்து மடிப்புக்குள் விரலை விட்டுக் காட்டினேன். ஆலையில் மடித்த பிறகு யார் கையும் போகாத இடம் அது. அங்கேயும் ஒட்டியது. மிஷின் எண்ணெய் என்றால் ஊசி ஓடிய வழியில் கறையாகத்தான் இருக்கும், கெரசின் வாடை மாதிரி ஒன்று வரும். இதில் வந்தது புளித்த வாடை, குழந்தை பால் கக்கின துணியில் வருமே அது. அப்புறம் தோள் தையலில் இருந்த டேப்பை நகத்தால் தூக்கினேன். டேப்பின் அடியில் கோட்டிங்கும் தோலாக உரிந்து சேர்ந்தே வந்தது. ஆச்சி ஒன்றும் பேசவில்லை.

சரி, நடந்தது என்ன? கோட்டிங் ஜாக்கெட் என்றால், நெய்த நைலான் அல்லது பாலியெஸ்டர் துணியின் உள்பக்கம் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கைக் கூழாகத் தடவி, மெல்லிய தோலாகக் காயவைத்திருப்பார்கள். தண்ணீரைத் தடுப்பது அந்தத் தோல்தான். பாலியூரித்தேனில் பல வகை உண்டு. விலை குறைவு என்று அதிகம் பயன்படும் வகையில் எஸ்டர் பிணைப்புகள் இருக்கும், அந்தப் பிணைப்பைத் தண்ணீர் மெல்ல அறுத்துவிடும். மழைத் தண்ணீர்தான் வேண்டும் என்றில்லை, காற்றில் இருக்கிற ஈரமே போதும். அறுபடும்போது அமிலம் உண்டாகும், அந்த அமிலம் மிச்சப் பிணைப்பையும் வேகமாக அறுக்கும். சூடு இருந்தால் இன்னும் வேகம். தோல் முதலில் பிசுபிசுக்கும், பிறகு பொருக்குப் பொருக்காக உதிரும். அதனால் இதன் ஆயுளை எத்தனை தடவை போட்டோம் என்று எண்ணக் கூடாது, தயாரான நாளிலிருந்து எண்ண வேண்டும். போடாமல் வைத்தாலும் அது பாட்டுக்கு நடக்கும்.

நம் ஊர் வீடு கீழே சுண்ணாம்புச் சுவரும் முற்றமுமாகக் குளிர்ச்சியாக இருக்கும், மாடி அறை அப்படியில்லை. சித்திரை வெயிலில் பூட்டின அறை, அதற்குள் இரும்பு பீரோ, அதற்குள் காற்றுப் போகாத பிளாஸ்டிக் உறை. மழைக்காலத்தில் மடித்தபோது துணியில் இருந்த கொஞ்ச ஈரமும் வெளியே போக வழியில்லை. பத்திரம் என்று நினைத்துச் செய்த ஒவ்வொன்றும் அதைக் கெடுத்திருக்கிறது. நாப்தலீன் பூச்சிக்கு உதவும், இதற்கு ஒன்றும் செய்யாது. என் கைக்கு வந்தவற்றை வைத்துச் சொன்னால், நம் பக்கத்துச் சூட்டில் சாதாரண பியு, அதாவது பாலியூரித்தேன் கோட்டிங் 3 முதல் 5 வருஷம். "என்னுடையது 12 வருஷமாக நன்றாக இருக்கிறது" என்று யாராவது கருத்தில் எழுதுவீர்கள் என்று தெரியும். இருக்கலாம். ஈதர் வகைப் பாலியூரித்தேன் இந்த ஈரத்தை நன்றாகத் தாங்கும், குளிர்ந்த ஊரில் எல்லாமே மெதுவாக நடக்கும். நான் சொல்வது சிவகங்கை, புதுக்கோட்டை வெயிலுக்கு.

இனி லேமினேட்டட். இதில் தனியாகச் செய்த மெல்லிய படலத்தைத் துணியோடு பசை போட்டு ஒட்டுகிறார்கள். பேர்பெற்ற படலம் பிடிஎஃப்இ, ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிற அதே பொருள். 1969-ல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் சூடாக்கிய பிடிஎஃப்இ கம்பியை மெதுவாக இழுக்காமல் சட்டென்று இழுத்துப் பார்த்தார், அது அறுபடாமல் பல மடங்கு நீண்டு, உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு நின்றது. வியர்வை ஆவி அதன் வழியே போகும், மழைத்துளி போகாது. அந்தப் பொருளை ஈரம் அறுக்காது. அப்படியானால் சாகாதா என்றால், படலம் இருக்கும், அதைப் பிடித்திருக்கிற பசை விடும். துணி குமிழ் குமிழாக எழும்புவது அதனால்தான். தையல் மேல் ஒட்டிய டேப்பும் ஓரத்தில் தூக்கும். டேப் மட்டும் தூக்கியிருந்தால் சூடு காட்டித் திரும்ப ஒட்டிவிடலாம், நானே ஒட்டியிருக்கிறேன். குமிழ் எழும்பினால் ஒன்றும் செய்ய முடியாது. என்னிடம் வந்த நல்ல மூன்றடுக்கு ஜாக்கெட்டுகள் 8, 10 வருஷம்கூட நின்றிருக்கின்றன.

ஆனால் "லேமினேட்டட்" என்ற வார்த்தையை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள். விலை குறைந்தவற்றில் ஒட்டுகிற படலமே பாலியூரித்தேன்தான், அதற்கும் அதே வியாதி வரலாம். கடையில் ஜாக்கெட்டை உள்வெளியாகப் புரட்டிப் பாருங்கள். துணியின் இழை தெரிந்து மேலே மெழுகு மாதிரி மினுமினுத்தால் கோட்டிங். உள்பக்கமும் மெல்லிய பின்னல் துணி பிரிக்க முடியாமல் ஒட்டியிருந்தால் மூன்றடுக்கு லேமினேட்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பல பேர் நல்ல ஜாக்கெட்டையே கெட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள். வெளித்துணியில் தண்ணீர் முத்து முத்தாக உருள்வதற்கு மேலே தனியாக ஒரு பூச்சு உண்டு. அது ஒரே மழைக்காலத்தில்கூடத் தேயும். தேய்ந்தால் வெளித்துணி ஊறிக் கனக்கும், வியர்வை வெளியே போகாமல் உள்ளே ஈரமாகும், ஒழுகுகிறது என்று தோன்றும். துணி சோப்புத் தூள் தங்கினாலும் இப்படித்தான். கொஞ்சமாக நீர்ச்சோப்பு போட்டுக் கையால் அலசி, சோப்பு போக நான்கு தண்ணீர் விட்டு, நிழலில் காயவைத்து, லேபிளில் இஸ்திரி போடலாம் என்றிருந்தால் மேலே பருத்தித் துணி போட்டு இளஞ்சூட்டில் தேயுங்கள். பல நேரம் முத்து திரும்ப உருளும். உங்களுடையது பிசுக்கு என்பதால் இது உதவாது.

பையன் பைக்கு வருகிறேன். அதற்கு லேமினேட்டட் தேடாதீர்கள், பைக்கு வியர்க்காது. ஆவி வெளியே போக வழி செய்யும் படலத்துக்கு அங்கே வேலை இல்லை. பள்ளிப் பையில் பெரும்பாலும் கெட்டிப் பாலியெஸ்டர் துணிக்குப் பின்னால் பியு அல்லது பிவிசி பூசியிருக்கும், அந்தத் துணி ஓரளவு தாங்கும். தண்ணீர் வருவது தையலில். அங்குலத்துக்கு 8 தையல் என்று வைத்தால், அடியைச் சுற்றி 40 அங்குலத்தில் 320 ஊசித் துளை, ஒன்றின் மேலும் டேப் கிடையாது. அப்புறம் ஜிப். போன மாதம் வந்த ஒரு பையைத் திருப்பி, அடித்துணியைக் கிண்ணம் மாதிரி குழித்துத் தண்ணீர் ஊற்றி, வெளியே செய்தித்தாள் வைத்துப் பத்து நிமிஷம் விட்டேன். நடுத்துணியில் ஈரம் இல்லை, தையல் வரிசை மட்டும் கோடாக நனைந்தது. இரண்டு மூலையிலும் புள்ளி புள்ளியாக வந்தது, அங்கே டிபன் பாக்ஸ் உரசிக் கோட்டிங் போயிருந்தது. மூலைக்கு உள்ளிருந்து பட்டி வைத்துத் தைத்தால் புதுத் துளைதான் விழும், அதனால் ஒட்டித்தான் அடைத்தேன். உங்களுக்கு என் யோசனை, அதே பைக்கு எலாஸ்டிக் வைத்த மழை உறை ஒன்று வாங்கி மாட்டுங்கள். உறையும் கோட்டிங் துணிதான், ஆனால் பையைவிட விலை ரொம்பக் குறைவு, கெட்டால் மாற்றிக்கொள்ளலாம்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வராமலே இருக்கிறார்கள். என் கடைக் கம்பியில் இப்போது 30 பைக்கு மேல் தொங்குகிறது, வேலை முடிந்து வருஷமானவையும் இருக்கின்றன. நூல், ஜிப், கூலி எல்லாம் போட்டாயிற்று. போன் செய்தால் "அண்ணே, அடுத்த வாரம்" என்கிறார்கள். அதே பைகளில் கோட்டிங் என் கடையிலேயே உதிர ஆரம்பித்தால் அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் ஜாக்கெட்டின் மேல் புதுக் கோட்டிங் தடவலாமா என்று யாராவது யோசனை சொன்னால் வேண்டாம். தேய்ந்த சின்ன இடத்துக்கு அது சரி. முழுக்கப் பிசுக்கு வந்த பிறகு, பழைய தோல் உரியும்போது புதியதையும் கூட்டிக்கொண்டு வரும். அடுத்து வாங்குவதை பீரோவில் வைக்காமல், நன்றாகக் காய்ந்த பிறகு, கீழ்வீட்டில் காற்றோட்டமான இடத்தில் ஹேங்கரில் தொங்கவிடுங்கள், புரட்டாசியில் ஒருமுறை உள்பக்கம் தடவிப் பாருங்கள். பழையதைத் தூக்கிப் போடும் முன் ஜிப்பைப் பிரித்து எடுத்து வையுங்கள், பத்து தடவைகூடப் போடாத ஜிப் இன்னும் நிறைய வருஷம் ஓடும்.