கல்லும் பிரஷரும் சேர்ந்து வந்தால் ரத்தத்தில் கால்சியம் பார்த்தீர்களா?

கேள்வி: எனக்கு வயது 46. மூன்று வருடத்தில் இரண்டு தடவை கிட்னியில் கல். பிரஷர் மாத்திரையும் ஓடுகிறது. தண்ணீர் நிறையக் குடி என்பதைத் தவிர யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இரண்டுக்கும் பொதுவான காரணம் ஏதாவது இருக்குமா?

இருக்கலாம்: கழுத்திலுள்ள பாராதைராய்டு என்ற சுரப்பி ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடுவது. நான் டாக்டர் இல்லை. கோத்தகிரியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினெட்டு வருடமாக ஊசி குத்துகிறவன். இதைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி வேலையில் கற்றது, மீதி என் அக்காவால் கற்றது.

அக்காவுக்கு 52 வயது. ஊருக்கு வெளியே அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறாள். 45 வயதில் பிரஷர் வந்தது, 48-இல் முதல் கல், 50-இல் இரண்டாவது. எங்கள் மலையில் கல் என்று போய் உட்கார்ந்தால் பாதிப் பதில் தயாராக இருக்கும்: "குளிரில் நீங்கள் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை." பலருக்கு அது உண்மைதான். டிசம்பர் பனியில் டீயைத் தவிர வேறெதுவும் தொண்டையில் இறங்காது. ஆனால் அக்கா என்னிடம் ஒருநாள் சொன்னாள்: "குடிக்கலை குடிக்கலைன்னு திட்டுறாங்க தம்பி. நான் சொம்பு சொம்பாக் குடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ராத்திரி மூணு தடவை எந்திரிக்கிறேன், இந்தக் குளிர்ல." சர்க்கரை பார்த்தோம், இல்லை. அந்தத் தாகத்தை நான் அப்போதே பிடித்திருக்க வேண்டும். ரத்தத்தில் கால்சியம் ஏறினால் சிறுநீரகத்தால் தண்ணீரைத் தக்கவைக்க முடியாது. நிறையப் போகும், அதனால் நிறையத் தாகம் எடுக்கும்.

ஒரு வருடம் கழித்துத்தான் கால்சியம் பார்த்தோம், அதுவும் தற்செயலாக. எங்கள் கூடத்தில் "கிட்னி டெஸ்ட்" என்று எழுதி வந்தால் யூரியா, கிரியேட்டினின், யூரிக் ஆசிட் ஓடும். கால்சியம் தனியாக எழுதினால்தான் உண்டு. அக்காவின் பழைய ரிப்போர்ட் ஆறேழு இருந்தது, ஒன்றில்கூட கால்சியம் இல்லை. கல்லே பெரும்பாலும் கால்சியத்தால் ஆனது. அந்தக் கால்சியத்தை மட்டும் யாரும் அளக்கவில்லை, நான் உட்பட.

வந்த எண் 11.2. எங்கள் கருவியில் மேல் எல்லை 10.5. முதலில் என் வேலையைத்தான் சந்தேகப்பட்டேன். கையில் பட்டையை இறுக்கிக் கட்டி ரொம்ப நேரம் நரம்பு தேடினால் எண் கொஞ்சம் பொய்யாக ஏறும். ரத்தத்தில் கால்சியத்தின் கிட்டத்தட்டப் பாதி, அல்புமின் முதலான புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் அல்புமினையும் கூடவே பார்க்க வேண்டும். அவளுக்கு அல்புமின் 4.1, சரியாகவே இருந்தது. பட்டை கட்டாமல் மறுபடி எடுத்தேன். 11.1.

அடுத்த சந்தேகம் பிரஷர் மாத்திரை மேல். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், உங்களுக்கும் பொருந்தலாம். டெல்மிசார்டான் போன்ற மாத்திரையோடு ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்த்து ஒரே மாத்திரையாக வரும், பெயரின் கடைசியில் பெரும்பாலும் ஒரு "ஹெச்" ஒட்டியிருக்கும். குளோர்தாலிடோனும் அதே வகைதான். இவை சிறுநீரில் கால்சியம் போவதைக் குறைக்கும். அதனாலேயே சில கல் நோயாளிகளுக்கு இதை வேண்டுமென்றே கொடுப்பதும் உண்டு. ஆனால் வெளியே போகாத கால்சியம் ரத்தத்தில் தங்கும். அக்கா போட்டதும் இந்த வகைதான். டாக்டர் அந்த மாத்திரையை மாற்றி, ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார். (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பிரஷர் எகிறும்.) ஆறு வாரத்துக்குப் பிறகும் 10.9. ஆக, மாத்திரை கொஞ்சம் தூக்கிவிட்டிருந்தது, ஆனால் மூலகாரணம் அதுவல்ல.

அப்புறம்தான் பாராதைராய்டு ஹார்மோன், அதாவது பி.டி.ஹெச். பெயரில் தைராய்டு இருப்பதால் எல்லாரும் சொல்வது, "தைராய்டு டெஸ்ட்தான் எடுத்தாச்சே, நார்மல்." இது வேறு சுரப்பி. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் வழக்கமாக நான்கு இருக்கும், ஒவ்வொன்றும் 40 மில்லிகிராம் சுமாருக்கு. 1850 வாக்கில் லண்டன் விலங்குக்காட்சி சாலையில் செத்துப்போன ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்த ரிச்சர்ட் ஓவன்தான் இதை முதலில் கவனித்தவர் என்பார்கள். மனிதனுக்குள் தேடினால் கண்ணில் படாத அளவு சின்னது.

அதன் வேலை ஒன்றுதான். சட்டைப்பையில் காசு குறைந்தால் உண்டியலைத் திறந்து நிரப்புகிற காவல்காரன் மாதிரி. சட்டைப்பை ரத்தம், உண்டியல் எலும்பு. பை நிறைந்துவிட்டால் காவல்காரன் தூங்கப் போய்விட வேண்டும். நான்கு சுரப்பியில் ஒன்றில் சாதுவான ஒரு கட்டி வந்துவிட்டால் (பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இப்படித்தான், புற்றுநோய் நூற்றில் ஒன்றுகூட இல்லை) அந்தக் காவல்காரன் தூங்குவதில்லை. பை வழிந்தாலும் உண்டியலைக் கவிழ்த்துக்கொண்டே இருப்பான். வழிகிற காசு சிறுநீர் வழியே போகிறது, போகிற வழியில் கல்லாக உறைகிறது.

அக்காவின் பி.டி.ஹெச் 58. அச்சடித்த எல்லை 15 முதல் 65. முதலில் பார்த்த டாக்டர் "நார்மல்" என்று டிக் அடித்து அனுப்பிவிட்டார். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வருடக்கணக்கில் வழி தவறுகிறார்கள். அந்த 15–65 என்பது கால்சியம் சரியாக இருப்பவர்களுக்கான எல்லை. கால்சியம் 10.9 இருக்கிற உடம்பில் நல்ல சுரப்பி என்றால் இருபதுக்கும் கீழே அடங்கிக் கிடக்க வேண்டும். 58 என்றால் தூங்க வேண்டிய காவல்காரன் நடு ராத்திரியில் டார்ச் அடித்துக்கொண்டு சுற்றுகிறான் என்று அர்த்தம். இரண்டு எண்ணையும் ஒரே நாள், ஒரே குத்தலில் எடுத்துச் சேர்த்துப் படிக்க வேண்டும். தனித்தனியாகப் படித்தால் "கால்சியம் லேசாக அதிகம், ஹார்மோன் நார்மல்" என்று ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. அக்காவுக்கு வைட்டமின் டி 14 தான் இருந்தது, குறைவு. டி குறைவாக இருந்தால் பி.டி.ஹெச் தானாகவே ஏறும், ஆனால் அப்போது கால்சியம் ஏறாது. மாறாக, இந்த நோய் இருக்கிறவருக்கு டி-யும் குறைந்திருந்தால் கால்சியம் கொஞ்சம் இறங்கி, எல்லைக்குள் ஒளிந்துகொள்ளவும் செய்யும். அதனால் 10.3, 10.4 என்று மேல் எல்லையை உரசிக்கொண்டே வருகிற எண்ணையும் நான் இப்போது சும்மா விடுவதில்லை, ஆளுக்குக் கல் இருந்தால்.

இரண்டாவதாகப் பார்த்த ஹார்மோன் டாக்டர் 24 மணி நேரச் சிறுநீரில் கால்சியம் கேட்டார். குடும்பத்தில் பிறவியிலேயே கால்சியம் சற்று அதிகமாக ஓடுகிற ஒரு வகை உண்டு. அவர்களுக்குச் சிறுநீரில் கால்சியம் மிகக் குறைவாகப் போகும், அறுவை சிகிச்சை செய்து சுரப்பியை எடுத்தும் பயனில்லை. அதை ஒதுக்கத்தான் இந்தப் பரிசோதனை. காலையில் எழுந்ததும் முதல் சிறுநீரைக் கொட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை ஒரு சொட்டு விடாமல் கேனில் சேர வேண்டும். பாதியை மறந்துவிட்டுக் கொண்டுவருகிறவர்கள் அதிகம். கூடவே கிரியேட்டினினும் அளப்பதால் எங்களுக்குத் தெரிந்துவிடும். அக்கா ஒழுங்காகச் சேர்த்தாள். கேன் கிட்டத்தட்ட மூன்று லிட்டர், கால்சியம் 340 மில்லிகிராம். பெண்களுக்கு 250-ஐத் தாண்டினாலே அதிகம். எலும்பு அடர்த்தி பார்த்ததில் இடுப்பு சுமார், முன்கை மோசம். இந்த நோய் முன்கை எலும்பைத்தான் முதலில் அரிக்கும், அதனால் முன்கையையும் சேர்த்து எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது.

கழுத்து அல்ட்ராசவுண்டும், சுரப்பியைக் காட்டுகிற செஸ்டமிபி ஸ்கேனும் கோயம்புத்தூரில். ஸ்கேன் நோயைக் கண்டுபிடிக்க அல்ல, எந்தச் சுரப்பி என்று சர்ஜனுக்கு வழிகாட்ட. ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் ரத்தம் சொன்னது மாறாது. அக்காவுக்கு இடது கீழ்ச் சுரப்பி தெளிவாகத் தெரிந்தது. அறுவை சிகிச்சையின்போதே பி.டி.ஹெச் பார்த்தார்கள். அது ரத்தத்தில் சில நிமிடங்களிலேயே பாதியாகிவிடும் என்பதால், கட்டியை எடுத்த பத்தாவது நிமிடம் பாதிக்குக் கீழே இறங்கினால் சரியானதைத்தான் எடுத்திருக்கிறார்கள். 74 ஆக இருந்தது 19 ஆனது. எடுத்த கட்டி முக்கால் கிராம்.

மறுநாள் விரல் நுனியும் உதட்டோரமும் சுருசுருவென்றது. இவ்வளவு நாள் இழந்ததை எலும்பு அவசரமாகத் திரும்ப இழுத்துக்கொண்டதாலும், மற்ற மூன்று சுரப்பிகளும் அசதியில் இருந்ததாலும் கால்சியம் 8.1-க்கு இறங்கியிருந்தது. கால்சியம் மாத்திரையும் டி-யும் இரண்டு மாதம் ஓடியது. இரவில் எழுவது ஒரே வாரத்தில் நின்றுவிட்டது. அவளுக்கு அதுதான் பெரிய விஷயம்.

பிரஷர் பற்றி உங்களிடம் பொய் சொல்லக் கூடாது. இந்த நோய் உள்ளவர்களிடம் பிரஷர் அதிகம் காணப்படுகிறது. கால்சியம் ரத்தக்குழாய்ச் சுவரின் தசையை இறுக்கும், சிறுநீரகம் கெட்டாலும் பிரஷர் ஏறும். ஆனால் சுரப்பியை எடுத்தால் பிரஷர் இறங்கிவிடும் என்று உறுதி சொல்ல முடியாது, அதற்காக மட்டும் அறுவை சிகிச்சை செய்வதும் இல்லை. கல் இருப்பது, 50 வயதுக்குக் கீழே இருப்பது, எலும்பு தேய்ந்திருப்பது, கால்சியம் மேல் எல்லையைவிட ஒன்றுக்கு மேல் ஏறியிருப்பது, இவைதான் வழக்கமான காரணங்கள். உங்களுக்கு இது உறுதியானால் முதல் இரண்டு காரணங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அக்கா இன்னும் தினமும் ஒரு பிரஷர் மாத்திரை போடுகிறாள்.

உங்கள் டாக்டரிடம் கால்சியம், அல்புமின், பாஸ்பரஸ், பி.டி.ஹெச், வைட்டமின் டி, கிரியேட்டினின் எல்லாம் ஒரே தடவையில் எழுதித் தரச் சொல்லுங்கள். பி.டி.ஹெச் எங்களைப் போன்ற சின்னக் கூடங்களில் ஓடாது, ஐஸில் வைத்து மேட்டுப்பாளையம் வழியாகக் கீழே அனுப்புவோம். வண்டி கிளம்பும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு காலையில் போனால் மாதிரி கெடாது. பழைய ரிப்போர்ட்களையும் தேடிப் பாருங்கள், எங்காவது ஒரு மூலையில் கால்சியம் இருக்கலாம்.

அக்காவின் வலது கிட்னியில் 4 மில்லிமீட்டர் பழைய கல் ஒன்று அப்படியே இருக்கிறது. சுரப்பியை எடுத்ததால் அது கரையவில்லை. இரண்டு வருடமாகப் புதிதாக எதுவும் சேரவில்லை.