பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாடிக்: அம்மாவுக்கு வேண்டும், தங்கைக்கு?

கேள்வி: டாக்டர், அம்மாவுக்கு 5 வருடம் முன்பு இதயத்தில் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். இப்போது கடைவாய்ப் பல் பிடுங்கணும். தங்கைக்கும் மைட்ரல் வால்வு சுருக்கம், 21 நாளுக்கு ஒரு பென்சிலின் ஊசி போடுகிறாள், அவள் பல் க்ளீனிங் போகிறாள். இரண்டு பேருக்கும் ஆன்டிபயாடிக் வேண்டுமா?

பதில்: அம்மாவுக்குக் கட்டாயம் வேண்டும். தங்கைக்குப் பெரும்பாலும் தேவையில்லை.

பல்லைப் பிடுங்கும்போது ஈறில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் கொஞ்ச நேரம் ரத்தத்தில் கலக்கும், நம் எல்லோருக்கும்தான், உடம்பே அதைத் துடைத்துவிடும். ஆனால் செயற்கை வால்வில் போய் ஒட்டிக்கொண்டால் அங்கேயே படலம் கட்டிக் குடியிருக்கும், அப்புறம் வாரக்கணக்கில் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டிவரும், சில சமயம் வால்வையே மறுபடி மாற்ற நேரும். அதனால்தான் செயற்கை வால்வு உள்ளவர்கள், முன்பே ஒருமுறை இந்த வால்வுத் தொற்று வந்தவர்கள், சில வகைப் பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள் என்று ஆபத்து மிக அதிகமானவர்களுக்கு மட்டும் கொடுத்தால் போதும் என அமெரிக்க இதயச் சங்கம் 2007-ல் சொன்னது. பல் தேய்க்கும்போதுகூட தினமும் கிருமி ரத்தத்தில் போகத்தான் செய்கிறது, எல்லா வால்வு நோயாளிக்கும் மாத்திரை கொடுத்துக் கட்டுப்படியாகாது.

அம்மாவுக்குப் பென்சிலின் அலர்ஜி இல்லையென்றால், டாக்டர் சீட்டுப்படி அமாக்ஸிசிலின் 2 கிராம், அதாவது 500 மி.கி. கேப்சூல் நான்கும் ஒரே தடவையில், பிடுங்குவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு. மறந்துவிட்டால், பிடுங்கி இரண்டு மணி நேரத்துக்குள் போடலாம். மூன்று நாள் முன்பே ஒன்றொன்றாக ஆரம்பிப்பதைப் பார்க்கிறேன், அது மருந்துக்கு அடங்காத கிருமியைத்தான் வாயில் வளர்க்கும். அலர்ஜி உண்டென்றால் வேறு மருந்து இருக்கிறது, முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், உறைந்து வால்வே அடைத்துக்கொள்ளும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். டெஸ்ட் பார்த்து, அந்த ரிப்போர்ட்டோடு பல் டாக்டரிடம் போங்கள்.

தங்கையின் ஊசி வேறு கதை. தொண்டைத் தொற்று மறுபடி வந்து முடக்குக் காய்ச்சல் திரும்பி வால்வை இன்னும் கெடுத்துவிடாமல் இருக்கத்தான் அது, பல் வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவளுடையது சொந்த வால்வு, அதனால் மேலே சொன்ன ஆபத்து மிக அதிகமானவர்களில் அவள் சேரமாட்டாள். சில இதய டாக்டர்கள் இப்படிப்பட்டவர்களுக்கும் பல் வேலைக்கு முன் ஆன்டிபயாடிக் கொடுக்கிறார்கள், அவளுடைய டாக்டர் அப்படிச் சொன்னால் மறுக்க மாட்டேன். ஒன்று மட்டும், தொடர்ந்து பென்சிலின் போடுகிறவர்களின் வாய்க் கிருமி அமாக்ஸிசிலினுக்கு அடங்காமல் போயிருக்கலாம் என்பதால், கொடுப்பதானால் அஸித்ரோமைசின் மாதிரி வேறு வகைதான் சரி.

பிடுங்கிய அடுத்த சில வாரங்களில் அம்மாவுக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். முதலில் ரத்தக் கல்ச்சர் எடுக்க வேண்டும், இரண்டு மாத்திரை உள்ளே போய்விட்டாலே கிருமி பிடிபடாமல் போகலாம்.