விடுப்பில் இருப்பவரின் வேலை தானாக இன்னொருவருக்குப் போவது எப்படி?

"பொங்கலுக்கு பெங்களூரிலிருந்து ஊருக்குப் போகிறேன். எனக்கு வரும் பில் அப்ரூவல்கள் தானாக வேறொருவருக்குப் போக என்ன செய்வது?"

விடுப்பு விதி போடுங்கள். ஆரக்கிள் மென்பொருளில் அது Vacation Rules என்று இருக்கும். தொடங்கும் நாள், முடியும் நாள், உங்களுக்குப் பதில் பார்ப்பவர் பெயர், அவ்வளவுதான்.

பில் உங்கள் பெயருக்கு வந்து விழும் நேரத்தில்தான் விதி வேலை செய்யும். பால்காரரிடம் "நாளையிலிருந்து பக்கத்து வீட்டில் போடுங்க" என்பது போல. இன்று வாசலில் கிடக்கும் பாக்கெட் நகராது. 13 முதல் விதி போட்டால், 12-ஆம் தேதி வந்த பில் பொதுவாக உங்களிடமே கிடக்கும். கிளம்புமுன் அதை முடியுங்கள், அல்லது கையால் மாற்றுங்கள். அப்புறம், உங்களுக்குப் பதில் பார்ப்பவரும் பொங்கலுக்குக் கிளம்புகிறாரா என்று கேட்டுவிடுங்கள். இருவரும் ஒருவருக்கொருவர் திருப்பினால் பில் நடுவில் சிக்கிக்கொள்ளும்.

மெயிலில் 'விடுப்பில் இருக்கிறேன்' என்ற தானியங்கி பதில் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சேதி மட்டும் சொல்லும், பில்லை நகர்த்தாது.