நாற்பது பக்க ஆய்வை ஒரு போஸ்டரில் எப்படிக் காட்டுவது?

கேள்வி: தரம் 6 பிள்ளைகள் 31 பேரின் ல, ள, ழ பிழைகளைக் குறைக்க ஆறு கிழமை செயல்நிலை ஆய்வு செய்தேன். தினமும் 10 நிமிடம் சொல்வதெழுதுதல், பிறகு இருவர் இருவராகப் பிழை திருத்தம். 20 சொல் சோதனையில் சராசரி 9-இலிருந்து 13 ஆனது. பாடசாலைக் கருத்தரங்குக்குப் போஸ்டர் கேட்கிறார் அதிபர். அறிக்கையைத் தந்தால் எல்லாம் செய்து தருவதாக ஒரு கடைக்காரர் சொல்கிறார். கொடுக்கலாமா? – ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: கொடுக்க வேண்டாம் டீச்சர். அச்சடிக்க மட்டும் கடைக்குப் போங்கள்.

இப்படிச் செய்து தருபவர்கள் உங்கள் தலைப்புகளை வரிசையாக ஒட்டி, இணையத்தில் எடுத்த சிரிக்கும் பிள்ளைகளின் படத்தைப் பின்னணியில் போட்டுத் தருவார்கள். அறிமுகம், நோக்கம், இலக்கிய மீளாய்வு, முறையியல் என்று எல்லாம் இருக்கும். நீங்கள் கண்டது மட்டும் கீழ் மூலையில் சிறிய எழுத்தில் கிடக்கும். படிவங்களும் இதே வரிசையைத்தான் கேட்கின்றன. பக்கத்து வகுப்பு ஆசிரியர் வாசிக்க வேண்டிய ஒன்றுக்கு ஏன் பட்டப்படிப்பு அறிக்கையின் சட்டையைப் போட வேண்டும் என்று எத்தனை கூட்டங்களில் கேட்டும் பதில் இல்லை. இலக்கிய மீளாய்வை ஒரு A4 தாளில் அச்சடித்துப் போஸ்டருக்குப் பக்கத்தில் வையுங்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்வார்.

போஸ்டரின் உச்சியில் ஆய்வுத் தலைப்பு வேண்டாம், கண்டுபிடிப்பையே ஒரு வாக்கியமாக எழுதுங்கள். அதை எழுதுமுன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: இரண்டாவது சோதனைக்கு 31 பேரும் வந்தார்களா?

மூன்று பேர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் முதல் சோதனையில் ஆளுக்கு 3 எடுத்தவர்கள். 31 பேரின் மொத்தம் 279, அதில் இந்த 9-ஐக் கழித்தால் 270. அதை 28-ஆல் வகுத்தால் 9.6. அதாவது ஒரு பிள்ளைகூட ஒரு சொல்லும் புதிதாகக் கற்காமலேயே சராசரி 9-இலிருந்து 9.6-க்கு ஏறிவிடுகிறது. உங்கள் 4 புள்ளி உயர்வில் உண்மையானது 3.4 தான். வராதவர்களை இரண்டு சோதனைகளிலிருந்தும் நீக்குங்கள், நீக்கியதை வரைபடத்தின் கீழே ஒரு வரியில் எழுதுங்கள். பாடசாலைக்கு அடிக்கடி வராத பிள்ளைதான் பெரும்பாலும் பின்தங்கிய பிள்ளை. அதனால் இந்தப் பிழை அநேகமாக ஆய்வாளருக்குச் சாதகமாகவே விழும், அவருக்கே தெரியாமல்.

அப்புறம், சராசரிக்கு இரண்டு தூண் வரையாதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோடு வரையுங்கள், இடது முனையில் முதல் புள்ளி, வலது முனையில் இரண்டாவது. Excel-இல் 28 வரிசை, இரண்டு நிரல். Line வரைபடம் போட்டு Switch Row/Column அழுத்தினால் வந்துவிடும். ஏறிய கோடுகள் சாம்பலில், ஏறாதவை சிவப்பில். 21 பேர் ஏறி, 5 பேர் அப்படியே நின்று, 2 பேர் இறங்கியிருந்தால், கருத்தரங்கில் எல்லோரும் கேட்கப்போவது அந்த ஏழு சிவப்புக் கோடுகளைப் பற்றித்தான். அவர்களின் கொப்பியில் ஒரு பக்கத்தைப் பெயர் மறைத்துப் படமெடுத்துப் பக்கத்தில் ஒட்டுங்கள். பிள்ளைகளின் முகப்படம் வேண்டாம்.

இப்போது உச்சி வாக்கியம்: “தினமும் 10 நிமிடம் சொல்வதெழுதித் திருத்திய 28 பேரில் 21 பேருக்கு ல, ள, ழ பிழை குறைந்தது.” ‘இந்த முறையால்தான்’ என்று எழுதாதீர்கள். ஒப்பிட வேறு வகுப்பு இல்லாததால் அதை நீங்கள் காட்டவில்லை. கீழே மூன்று பகுதி போதும்: என்ன செய்தேன், என்ன கண்டேன், அடுத்த தவணை எதை மாற்றுவேன். மொத்தம் 250 சொல்லைத் தாண்ட வேண்டாம்.

PowerPoint-இல் Design, Slide Size, Custom Slide Size போய் அகலம் 59.4, உயரம் 84.1 சென்றிமீற்றர் கொடுங்கள்; அது A1. உச்சி வாக்கியத்துக்கு 80, மற்றவற்றுக்கு 28 புள்ளிக்குக் குறையாத எழுத்து. பள்ளி அச்சியந்திரத்தில் ஒரு A4 எடுத்துப் பாருங்கள். 28 புள்ளி அதில் ஏறத்தாழ 10 ஆகச் சுருங்கும். கையை நீட்டிப் பிடித்து வாசிக்க முடிந்தால் சுவரிலும் வாசிக்கலாம்.

கடைசியாக எழுத்துரு. நம் கடைகள் பலவற்றில் இன்னும் பாமினியில் தட்டுகிறார்கள். பாமினி ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தை ஏற்றியது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’ என்பது mk;kh என்று தெரியும். நீங்களே யூனிகோட்டில் தட்டி, PDF ஆகச் சேமித்து, உங்கள் போனில் திறந்து ஒவ்வொரு வரியையும் வாசித்த பிறகே அனுப்புங்கள். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் தரத்தைக் குறைத்துவிடும், Document ஆக அனுப்புங்கள். எழுத்தை மாற்றித் திரும்பத் தட்ட வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.