150 நாள் எஃப்டி: தேதியையும் வட்டியையும் நாமே போட்டுப் பார்ப்பது

கேள்வி: ஒரு வருஷத்துக்குக் குறைவா, நாள் கணக்குல எஃப்டி போட்டா முதிர்வு தேதியையும் வட்டியையும் எப்படிக் கண்டுபிடிக்கிறது? நான் போட்ட கணக்கும் பேங்க் ரசீதும் ஒத்து வரல.

நீங்கள் இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு கால்குலேட்டரில் மாதக் கணக்கைப் போட்டுவிட்டு ரசீதை நாள் கணக்கில் வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும், ஆனால் என்னிடம் இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் பாதிப் பேர் கதை அதுதான். ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பதால் சொந்தக்காரர்கள் ரசீதை வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவது எனக்குப் பழகிப்போன விஷயம்.

முதலில் தேதி. எஃப்டியில் எண்ணுவது பகலை இல்லை, இரவை. லாட்ஜில் ரூம் போட்டால் எத்தனை ராத்திரி தங்கினோம் என்றுதானே வாடகை, அதே மாதிரி பணம் வங்கியில் எத்தனை ராத்திரி தூங்கியது என்று பாருங்கள். போட்ட நாளைச் சேர்த்தால் எடுக்கிற நாளைச் சேர்க்கக் கூடாது, எடுக்கிற நாளைச் சேர்த்தால் போட்ட நாளைச் சேர்க்கக் கூடாது. இரண்டையும் சேர்த்து எண்ணி, ஒரு நாள் வட்டியை வங்கி அமுக்கிவிட்டது என்று சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

என் பெரியப்பாவின் எஃப்டியையே எடுத்துக்கொள்கிறேன், அதில் எல்லாச் சிக்கலும் ஒரே இடத்தில் இருக்கிறது. அவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், 2024 நவம்பர் 13 அன்று 3 லட்சம் ரூபாயை 150 நாளுக்குப் போட்டார், மூத்த குடிமக்களுக்கான அரை சதவீதமும் சேர்த்து 6 சதவீத வட்டி. நவம்பரில் மீதி 17 நாள், டிசம்பர் 31 சேர்த்தால் 48, ஜனவரி முடிய 79, பிப்ரவரி 28 நாள்தான் என்பதால் 107, மார்ச் முடிய 138. இன்னும் 12 வேண்டும், ஆக 2025 ஏப்ரல் 12. விரல் விட்டு எண்ணப் பிடிக்காதவர்கள் எக்செல்லில் இப்படிப் போட்டால் போதும்:

```
=DATE(2024,11,13)+150
=EDATE(DATE(2024,11,13),5)
```

முதல் வரி 150 நாளுக்கு, இரண்டாவது ஐந்து மாதத்துக்கு. (தேதிக்குப் பதில் ஐந்து இலக்க எண் ஏதாவது வந்து நின்றால் பயப்பட வேண்டாம், செல்லின் வடிவத்தைத் தேதி என்று மாற்றினால் சரியாகிவிடும்.) முதலாவது ஏப்ரல் 12 காட்டும், இரண்டாவது ஏப்ரல் 13 காட்டும். ஐந்து மாதம் என்று போட்டால் அது 151 நாள் ஆகிவிடுகிறது, உங்கள் கணக்கு ஒத்து வராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். விண்ணப்பத்தில் மாதம், நாள் என்று தனித்தனிக் கட்டம் இருக்கும், கவுன்ட்டரில் இருப்பவர் எந்தக் கட்டத்தில் எழுதினார் என்று ரசீதில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வட்டி. ஆறு மாதத்துக்குக் குறைவான எஃப்டிக்குப் பெரும்பாலான வங்கிகள் தருவது தனிவட்டிதான், கூட்டு வட்டி கிடையாது. அசலை வட்டி விகிதத்தாலும் நாளாலும் பெருக்கி 36,500 ஆல் வகுக்க வேண்டும், அவ்வளவுதான்.

```
300000 × 6 × 150 ÷ 36500 = 7397.26
```

பெரியப்பாவும் இதைத்தான் நோட்டில் போட்டு வைத்திருந்தார். ரசீதில் இருந்தது 7,391. "தம்பி, ஆறு ரூபா எங்கடா போச்சு?" என்று போனில் கேட்டார். ஆறு ரூபாய்க்கு இவ்வளவு பேச்சா என்று கமென்ட்டில் வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அவருக்கு ஆறு ரூபாய் பிரச்சினை இல்லை, முப்பது வருஷம் பிள்ளைகளுக்குத் தனிவட்டி சொல்லிக்கொடுத்த மனிதருக்கு விடை ஒத்து வரவில்லை, தூக்கம் வரவில்லை. கவுன்ட்டரில் கேட்டதற்கு "சிஸ்டம் சொல்றதுதான் சார்" என்றார்களாம்.

சிஸ்டம் சொன்னது சரிதான், ஏன் என்று அங்கே யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. 2024 லீப் வருடம். எல்லா நாளையும் 365 ஆல் வகுக்கிற வங்கிகள் உண்டு, லீப் வருடத்தில் விழும் நாள்களை மட்டும் 366 ஆல் வகுக்கிற வங்கிகளும் உண்டு. பெரியப்பாவின் வங்கி இரண்டாவது வகை. நவம்பர் 13 முதல் டிசம்பர் 31 வரை 49 இரவு, 2024க்குச் சேர்ந்தது. ஜனவரி 1 முதல் ஏப்ரல் 11 வரை 101 இரவு, 2025க்குச் சேர்ந்தது. வருடத்துக்கு வட்டி 18,000 ரூபாய் அல்லவா, அதைப் பிரித்துப் போட்டால்:

```
18000 × 49 ÷ 366  = 2409.84
18000 × 101 ÷ 365 = 4980.82
மொத்தம்            = 7390.66
```

ரூபாய்க்கு முழுமையாக்கினால் 7,391. இதைத் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன், அவர் பதிலுக்கு ஒரு டிக் குறி மட்டும் அனுப்பினார், பேப்பர் திருத்துகிற மாதிரி. பிப்ரவரி 29 இந்த 150 நாளுக்குள் வரவே இல்லை என்பதையும் கவனியுங்கள். அந்த நாள் வருகிறதா இல்லையா என்பது இங்கே கணக்கில்லை, எந்த வருடத்து நாள்கள் என்பதுதான் கணக்கு. உங்கள் ரசீதிலும் இப்படிச் சில ரூபாய் மட்டும் உதைத்தால், காலம் லீப் வருடத்தைத் தொடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆனால் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது வட்டியில் இல்லை, முதிர்வு நாளில். 2025 ஏப்ரல் 12 இரண்டாவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. 13 ஞாயிறு. 14 சித்திரை ஒன்று, அம்பேத்கர் பிறந்தநாளும் கூட. ஆக ரசீதை எடுத்துக்கொண்டு போனது 15 செவ்வாய்க்கிழமை. அங்கே 7,391 ரூபாயோடு, இடையில் மூன்று நாளுக்குச் சேமிப்புக் கணக்கு வட்டி மட்டும் சேர்த்துத் தருகிறோம் என்றார்கள், 2.7 சதவீதத்தில் 66 ரூபாய் சொச்சம். இது தவறு. முதிர்வு நாள் வங்கி விடுமுறையில் விழுந்து அடுத்த வேலை நாளில் பணம் கொடுத்தால், இடையில் உள்ள விடுமுறை நாள்களுக்கும் எஃப்டியின் அதே வட்டி விகிதத்தில் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதியே இருக்கிறது. சேமிப்புக் கணக்கு வட்டி என்பது நாம் கவனிக்காமல் விட்டு, முதிர்ந்த எஃப்டி கேட்பாரற்றுக் கிடக்கும்போது வருகிற விஷயம், 2021க்குப் பிறகு அதிலும் சேமிப்பு வட்டியோ எஃப்டி வட்டியோ எது குறைவோ அதுதான். அவர் கவனிக்காமல் விடவில்லை, வங்கிதான் பூட்டியிருந்தது. 18,000 ஐ 3 ஆல் பெருக்கி 365 ஆல் வகுத்தால் 147.95. நான் மேலாளரிடம் போய் அமைதியாகத்தான் சொன்னேன், அவர் எங்கேயோ போன் பண்ணிக் கேட்டுவிட்டு 148 ரூபாயாகப் போடச் சொன்னார். சேமிப்புக் கணக்குக்குத் தானாகவே வரவு வைக்கும்படி எழுதிக் கொடுத்திருந்து, கணினி சனிக்கிழமையே வரவு வைத்திருந்தால் இந்த மூன்று நாள் வட்டி கேட்க முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். தாள் ரசீதோடு கவுன்ட்டரில் வாங்குகிறவர்களுக்குத்தான் இது.

அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரத்தில் பெரியப்பாவிடம் மூன்று பேர் வந்து இன்சூரன்ஸ் பாலிசி பற்றிப் பேசினார்கள். எழுபத்திரண்டு வயசுக்காரரிடம், "வருஷா வருஷம் ஒரு லட்சம் கட்டினா போதும் சார், எஃப்டி மாதிரிதான்" என்று. எஃப்டி மாதிரி எது சாமி? விடுமுறை நாள் வட்டியைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர் இல்லை, பாலிசி விற்கத் தெரிந்தவர் மூன்று பேர். சரி, கேள்விக்கு வருகிறேன்.

ஒருவேளை உங்களுடையது 180 நாளுக்கு மேல் என்றால், வட்டியை முதிர்விலேயே சேர்த்து வாங்குகிற வகையில் கணக்கு மாறும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி அசலோடு சேரும். இங்கே பலர் 200 நாளை 365 ஆல் வகுத்து அடுக்குக்குறி போட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். வங்கிகள் பொதுவாக முழுக் காலாண்டுகளை மாதக் கணக்கில் எடுத்துவிட்டு, மிச்ச நாளுக்கு மட்டும் தனிவட்டி போடும். அதே 3 லட்சத்தை, அதே நவம்பர் 13 அன்று 200 நாளுக்கு 6.75 சதவீதத்தில் போட்டிருந்தால் முதிர்வு ஜூன் 1. பிப்ரவரி 13, மே 13 என்று இரண்டு காலாண்டு முடிந்ததும் தொகை 3,10,210.43 ஆகும், மே 13 முதல் ஜூன் 1 வரை 19 நாளுக்கு அதன் மேல் 1,089.99. மொத்தம் 3,11,300 ரூபாய் சொச்சம். வெறும் தனிவட்டியாகப் போட்டால் வட்டி 11,096 தான் வரும், ஆக 204 ரூபாய் வித்தியாசம். உங்கள் ரசீது உங்கள் கணக்கை விடச் சில நூறு அதிகமாகக் காட்டினால் காரணம் இதுவாக இருக்கும்.

6.75 என்று ஏன் எழுதினேன் என்றால், பெரியப்பா போட்ட நாளில் அவர் வங்கியின் வட்டிப் பட்டியலில் 179 நாள் வரைக்கும் 6, 180 நாளிலிருந்து 6.75. ஒரே ஒரு நாளில் முக்கால் சதவீதம். அவருக்கு ஏப்ரலில் பணம் தேவை இருந்தது, அதனால் 150 சரி. ஆனால் அவசரம் இல்லாதவர்கள் பட்டியலில் அடுத்த படி எத்தனை நாளில் தொடங்குகிறது என்று பார்க்காமல் 175, 179 என்று எழுதிக் கொடுக்காதீர்கள்.

ரசீதை வாங்கும்போதே முதிர்வுக் குறிப்பு என்ன என்று பாருங்கள். ஒன்றும் சொல்லாமல் விட்டால் பல வங்கிகளில் முதிர்வு நாளன்றே அதே 150 நாளுக்குத் தானாகப் புதுப்பித்துவிடும், அன்றைய வட்டி விகிதத்தில். அப்புறம் நடுவில் உடைத்தால் அபராதமாக அரை சதவீதமோ ஒரு சதவீதமோ கழிப்பார்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஒத்து வரவில்லை என்றால் போட்ட தேதி, நாள், வட்டி விகிதம், ரசீதில் உள்ள முதிர்வுத் தொகை இந்த நான்கை மட்டும் கமென்ட்டில் போடுங்கள், ரசீதைப் படம் எடுத்துப் போட வேண்டாம், அதில் கணக்கு எண் இருக்கும்.