சங்கத்துக்கு நாங்கள் எழுதிய இரண்டு கடிதங்கள்

கேள்வி: ஊர்க்காரர்கள் சேர்ந்து, பால் குளிரூட்டும் நிலையமும் கொழுப்புக்கு நியாயமான விலையும் கேட்டுக் கூட்டுறவு சங்கத்துக்கு மனு எழுதப் போகிறோம். என்ன எழுதினால் எடுபடும்?

பதில்:

எங்கள் ஊரில் இதற்காக இரண்டு கடிதங்கள் எழுதினோம். இரண்டையும் எழுதிக்கொடுத்தவன் நான்தான். முதலாவது ஒரு நிமிடத்தில் தோற்றது. இரண்டாவதற்குப் பாதி பலனாவது கிடைத்தது. முதல் கடிதம் ஏன் தோற்றது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

அந்தக் கடிதத்தில், "எங்கள் பாலில் சராசரியாக 4.03 சதவீதம் கொழுப்பு இருக்கிறது, சங்கமோ 3.8, 3.9 என்றே பணம் கொடுக்கிறது" என்று எழுதியிருந்தோம். உறுப்பினர்களின் பால் அட்டைகளை வாங்கி, கொழுப்பு எண்களைக் கூட்டி, ஆள் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி எடுத்திருந்தேன். செயலாளர் அதைப் படித்துவிட்டு மூன்று அட்டைகளை மட்டும் மேசையில் வைத்தார். ஒருவர் 12 லிட்டர் ஊற்றுகிறார், கொழுப்பு 3.6. இன்னொருவர் 4 லிட்டர், 4.5. மூன்றாமவர் 6 லிட்டர், 4.0. என் கணக்குப்படி சராசரி 4.03 வருகிறது. ஆனால் ஒவ்வொருவர் லிட்டரையும் அவரவர் கொழுப்பால் பெருக்கிக் கூட்டி, மொத்தம் 22 லிட்டரால் வகுத்தால் 3.87தான் வரும். அதிகம் ஊற்றுகிறவரின் பால் மெலிந்ததாக இருந்தால் சராசரியும் கீழே இறங்கும். "கணக்கே தெரியாமல் மனுவா, தம்பி?" என்று அவர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை.

இன்னொரு பிழையும் அந்தக் கடிதத்தில் இருந்தது. தொடக்கம் முதல் முடிவு வரை "தங்கள் சங்கம்" என்று எழுதியிருந்தேன். பால் ஊற்றும் உறுப்பினர்கள்தான் சங்கத்தின் சொந்தக்காரர்கள். பேரவைக் கூட்டத்தில் வரவு செலவைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. "தங்கள்" என்று எழுதியதும் அது யாசக மனுவாகிவிட்டது. அடுத்த கடிதத்தில் "நம் சங்கம்" என்றே எழுதினோம்.

இப்போது கொழுப்பு விலைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் பசும்பாலுக்குக் கொள்முதல் விலை லிட்டருக்கு 35 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது, அது 4.3 கொழுப்பும் 8.2 இதர சத்தும் உள்ள பாலுக்கான விலை. அதற்குக் கீழே போனால் விலையும் குறையும். ஆகவே "லிட்டருக்கு இத்தனை ரூபாய் கொடுங்கள்" என்று தொடக்கச் சங்கத்திடம் கேட்பதில் பொருளில்லை, விலையை அது தீர்மானிப்பதில்லை. சங்கத்தின் கையில் இருப்பது அளவும் பரிசோதனையும். நியாயமான விலை என்று நாம் சொல்வது உண்மையில் நியாயமான பரிசோதனையைத்தான். கடிதத்தில் இதைத் தெளிவாகப் பிரித்து எழுதாவிட்டால், "விலை அரசு கையில் இருக்கிறது" என்ற ஒரே வரியில் பதில் முடிந்துவிடும்.

பரிசோதனை சரியா என்று பார்க்க எங்களுக்கு உதவியது ஒரே ஓர் ஒப்பீடுதான். சங்கம் உறுப்பினர்களிடமிருந்து எத்தனை கிலோ கொழுப்பு வாங்கியதாகக் கணக்கு எழுதுகிறது, அதே பாலில் எத்தனை கிலோ கொழுப்பு வந்து சேர்ந்ததாக, சங்கத்திடம் பால் வாங்கும் மாவட்ட ஒன்றியம் சீட்டு அனுப்புகிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. பத்து நாள் பட்டுவாடா ஒன்றை எடுத்துக்கொண்டோம். உறுப்பினர்கள் ஊற்றியது 6,500 லிட்டர். ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய 1.03 கிலோ எடை இருக்கும், ஆகவே 6,695 கிலோ. லிட்டர் கணக்கோடு சேர்த்து எடுத்த சராசரிக் கொழுப்பு 3.9, அதாவது 261 கிலோ கொழுப்புக்கு நமக்குப் பணம் வந்திருக்கிறது. ஒன்றியத்தின் சீட்டுகளில் 6,670 கிலோ பால், சராசரி 4.1, அதாவது 273 கிலோவுக்குச் சற்றுமேல். பாலில் 25 கிலோ குறைந்திருந்தும் கொழுப்பில் 12 கிலோ கூடியிருந்தது. சிந்தியதையும் கேனில் ஒட்டியதையும் பார்த்தால் பால் குறைவது இயல்பு, ஆனால் வழியில் கொழுப்பு கூட வழியில்லை.

பண மதிப்பைத் தோராயமாகவே போட்டோம். 35 ரூபாயை 4.3, 8.2 இரண்டின் கூட்டுத்தொகையான 12.5ஆல் வகுத்தால் ஒரு பாயிண்டுக்கு 2 ரூபாய் 80 காசு. 0.2 பாயிண்ட் என்றால் லிட்டருக்கு 56 காசு, 6,500 லிட்டருக்கு 3,640 ரூபாய். உண்மையான விலைப்பட்டியலைச் சங்கத்தில் கேட்டு வாங்கித்தான் இறுதிக் கணக்குப் போட வேண்டும் என்பதையும் கடிதத்திலேயே எழுதிவிட்டோம். முதல் கடிதத்தில் பட்ட பாடம் அது.

இந்த இடத்தில் கை துறுதுறுக்கும், "திருட்டு" என்று எழுதத் தோன்றும். எழுதவேண்டாம். வித்தியாசத்துக்கு வேறு காரணங்களும் இருக்கலாம், அவற்றை நாமே விசாரிக்கச் சொன்னால்தான் கடிதத்துக்கு மரியாதை. செலவுக்கென்று சங்கம் ஒரு தொகை பிடிப்பதும், ஒன்றியத்தின் அளவு எப்போதாவது குறைந்தால் நட்டம் வராமல் இருக்கட்டும் என்று பரிசோதகர் கொஞ்சம் இறக்கிப் போடுவதும் நடக்கக்கூடியவை. நம் பக்கத்திலும் கவனிக்க வேண்டியது உண்டு. மடியில் முதலில் வரும் பால் மெலிந்தது, கடைசியில் வருவதுதான் கொழுப்பு. கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டுவிட்டுச் சங்கத்தில் 3.2 வந்தது என்று கோபப்பட்ட ஒருவர் எங்கள் கையெழுத்துப் பட்டியலிலேயே இருந்தார்.

கடிதத்தில் நாங்கள் கேட்டது இதுதான்: "நம் சங்கத்தின் பரிசோதனை எந்திரத்தில் எடுக்கும் பத்து மாதிரிகளை, அதே வேளையில் உறுப்பினர்கள் முன்னிலையில் கெர்பர் முறையிலும் சோதித்து, இரண்டு எண்களையும் பேரேட்டில் பதியுமாறு கேட்டுக்கொள்கிறோம்." கெர்பர் என்பது பழைய முறை. பியூட்டிரோமீட்டர் குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், அதன்மேல் 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால் விட்டு, தக்கை வைத்துக் குலுக்கிச் சுழற்றினால், கொழுப்பு தங்க நிறத்தில் தனியே மேலே வந்து நிற்கும். அளவுக்கோட்டில் கண்ணால் படிக்கலாம். எந்திரத்தைப் பற்றிய சந்தேகத்துக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

சோதனை நாளில் விரிவாக்க அலுவலரும் வந்திருந்தார். பெரும்பாலான மாதிரிகளில் எந்திரம் கெர்பரைவிடக் குறைவாகவே காட்டியது. எந்திரத்தைத் திறந்து பார்த்தபோது பால் போகும் குழாயில் வெண்கறை படிந்திருந்தது; தினமும் தண்ணீர் விட்டு அலசினார்களே தவிர, அமிலக் கரைசலில் கழுவுவதை விட்டுவிட்டிருந்தார்கள். இன்னொன்றை அங்கே நின்ற ஒரு பெண் உறுப்பினர்தான் கண்டுபிடித்தார். திரையில் 4.18 என்று வந்தது, சீட்டில் 4.1 என்று எழுதினார்கள். அடுத்தவருக்கு 3.97, சீட்டில் 3.9. இரண்டாவது தசம எண்ணை எல்லோருக்கும் வெட்டிவிட்டால் சராசரியாக 0.05 வரை உறுப்பினருக்கு நட்டம். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நான் நினைக்கவில்லை, பேரேட்டில் ஒரு தசமத்துக்குத்தான் கட்டம் இருந்தது.

குளிரூட்டும் நிலையத்தைக் கேட்கும் பகுதியை இதே கடிதத்தில் வைக்கலாமா என்று எங்களுக்குள் வாதம் நடந்தது. தனிப் பத்தியாக வைத்தோம், ஆனால் நகலை மாவட்ட ஒன்றியத்தின் பொது மேலாளருக்கும், பால்வளத் துணைப் பதிவாளருக்கும் அனுப்பினோம். பரிசோதனையைத் திருத்துவது சங்கத்தின் வேலை, குளிரூட்டி தருவது ஒன்றியத்தின் வேலை. ஒரே வாசலில் இரண்டையும் தட்டினால் ஒன்றுதான் திறக்கும்.

"குளிரூட்டும் நிலையம்" என்ற சொல்லிலும் கவனம் தேவை. ஒன்றியத்தின் பேச்சில் அது பல ஊர்ப் பாலைச் சேர்த்துக் குளிர்விக்கும் பெரிய நிலையம். ஒரு கிராமத்துக்குக் கிடைக்காது. நமக்கு வேண்டியது தொகுப்புப் பால் குளிர்விப்பான், எல்லோரும் பி.எம்.சி. என்று சொல்வது. கலக்கி பொருத்திய எஃகுத் தொட்டி, பாலை 4 டிகிரிக்குக் கொண்டுவந்து வைத்திருக்கும். ஊர்ப் பால் அளவுக்கு ஏற்ற தொட்டியைக் கேட்க வேண்டும். எங்களுக்கு இரண்டு வேளையும் சேர்த்து 650 லிட்டர்தான். பெரிய தொட்டியில் கொஞ்சம் பால் ஊற்றினால் கலக்கியின் இலை பாலைத் தொடாது, அடியில் பால் பனிக்கட்டியாக உறையும். ஆகவே பக்கத்து இரண்டு ஊர்ச் சங்கங்களின் தீர்மானங்களையும் வாங்கி, மூன்றும் சேர்ந்து 1,700 லிட்டர் என்று காட்டி, 2,000 லிட்டர் தொட்டி கேட்டோம். மூன்று முனை மின் இணைப்பு, தண்ணீர், கழிவுநீர் வாய்க்கால், ஜெனரேட்டர் வைக்க இடம் ஆகியவை சங்கக் கட்டடத்தில் எப்படி அமையும் என்றும் எழுதினோம். தேசிய பால்வள மேம்பாட்டுத் திட்டத்தில் இத்தகைய குளிர்விப்பான்களுக்கு நிதி உண்டு. அந்தத் திட்டத்தில் சேர்க்குமாறு பெயர் குறிப்பிட்டுக் கேட்டது நல்லதாயிற்று.

தேவையை நிரூபித்தது ஒரு பள்ளி நோட்டு. சங்கத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் மே மாதம் முழுவதும் பால் வண்டி வந்த நேரத்தை எழுதிவந்தார். காலை 5.45க்குக் கறந்த பால் 6.15க்குக் கேனில் விழும். வண்டி வந்தது சராசரியாக 8.40, வேறு பல ஊர்களைச் சுற்றி இறங்கும்போது 11 மணி. கறந்ததிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குமேல் பால் கோடை வெப்பத்தில் குளிராமல் கிடக்கிறது. அந்த மாதத்தில் ஆறு நாள் 40 லிட்டர் கேன்கள் புளித்துத் திரும்பிவந்த விவரத்தைத் தேதியோடு இணைத்தோம்.

கடிதத்தைக் கொடுத்தபோது நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டோம். ஒரு மாதம் அசைவில்லாததால் அந்த நகலோடு ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுந்து பேசினோம். அதற்குப் பிறகுதான் கெர்பர் சோதனையே நடந்தது. இப்போது சீட்டில் இரண்டு தசமம் வருகிறது, வாரம் ஒருமுறை எந்திரத்தை அமிலத்தில் கழுவிய தேதி சுவரில் எழுதப்படுகிறது. பழைய வித்தியாசத்துக்குப் பணம் வரவில்லை. ஆண்டு இறுதி போனஸில் பார்ப்போம் என்றார்கள். குளிர்விப்பானுக்கு இடம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், மின் இணைப்புக்கான மதிப்பீடு இன்னும் வரவில்லை. டீக்கடைக்காரர் நோட்டை நிறுத்தவில்லை.